எழுத்துரு வராத நேரத்தில் தமிழ் என்ன ஆகிறது?

`jkpo;`

இந்த ஐந்து குறிகளைப் பார்த்ததும் "தமிழ்" என்று படிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். டி.டி.பி. சென்டரில் பாமினி எழுத்துருவில் தட்டிப் பழகியவர்கள். j என்றால் த, k என்றால் ம, p என்றால் இகரக் குறி, o என்றால் ழ, அரைப்புள்ளி என்றால் மெய்ப்புள்ளி. கணினிக்கு அது ஐந்து ரோமன் குறிகள், அவ்வளவுதான். அதைத் தமிழாக்குவது முழுக்க முழுக்க எழுத்துருவின் வேலை.

இணையத்தில் எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பும் முறையின் வரலாற்றை எழுதுபவர்கள் எந்த உலாவி எந்த ஆண்டு ஆதரவு கொடுத்தது என்று பட்டியல் போடுவார்கள். எனக்கு அந்தப் பட்டியலைவிட இன்னொரு கேள்விதான் முக்கியமாகப் படுகிறது: அனுப்பிய எழுத்துரு போய்ச் சேராதபோது வாசகர் எதைப் பார்த்தார்? இருபத்தைந்து ஆண்டுகளில் இதற்கு மூன்று விதமான பதில்கள் இருந்திருக்கின்றன. மூன்றும் வெவ்வேறு நோய்கள், வெவ்வேறு மருந்துகள்.

முதல் காலம்: எழுத்துருவே சாவி

1990களின் கடைசியில் தமிழ்த் தளம் நடத்தியவர்கள் ஆளுக்கொரு குறியாக்கம் வைத்திருந்தார்கள். பாமினி இருந்தது. இணையத்தில் கூடிய ஆர்வலர்கள் உருவாக்கிய திஸ்கி இருந்தது. 1999 சென்னை மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு ஏற்ற டாப், டாம் இருந்தன. இவை போதாதென்று பத்திரிகைகள் தங்களுக்கென்று தனி எழுத்துரு வைத்துக்கொண்டன. ஒரு தளத்துக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது "எழுத்துரு இறக்கிக்கொள்ள இங்கே சொடுக்கவும்" என்ற வரிதான். அந்த வரியையே படமாகப் போடவேண்டிய நிலைமை.

இதற்கு 1997இல் ஒரு வழி வந்தது. மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4இல் `.eot` என்ற கோப்பு வடிவத்தையும், நெட்ஸ்கேப் தன் நான்காம் பதிப்பில் பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் `.pfr` வடிவத்தையும் கொண்டுவந்தன. இரண்டுமே எழுத்துருவைப் பக்கத்தோடு தானாக இறக்கும். நம்மவர்கள் இதை "இயங்கு எழுத்துரு" என்றார்கள். 1998 மே மாதம் வெளிவந்த CSS2இல் `@font-face` விதியே எழுதப்பட்டுவிட்டது. ஆனால் ஒன்றின் கோப்பு இன்னொன்றில் ஓடாது. இரண்டுக்கும் தனித்தனியாகக் கோப்பு செய்யவேண்டும்.

இந்தக் காலத்தில் மாற்று எழுத்துருப் பட்டியல் என்பதற்கு அர்த்தமே இல்லை. `font-family: Bamini, Arial` என்று எழுதினால், பாமினி கிடைக்காதபோது உலாவி ஏரியலுக்குப் போகும். ஏரியலிடம் j, k, p எல்லாம் இருக்கிறதே! அது சந்தோஷமாக `jkpo;` என்று காட்டிவிடும். உலாவியைப் பொறுத்தவரை எந்தத் தவறும் நடக்கவில்லை. திஸ்கிப் பக்கமாக இருந்தால் அதே சொல் `¾Á¢ú` என்று தெரியும். மாற்று எழுத்துரு என்பது வடிவம் மாறினாலும் எழுத்து மாறாது என்ற நம்பிக்கையில் நிற்கும் ஏற்பாடு. இங்கே அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. பூட்டுக்கு ஒரே சாவி, அது தொலைந்தால் கதவு திறக்காது.

சாவி எளிதில் தொலையவும் செய்தது. `.eot` கோப்பை எந்தத் தள முகவரிக்காகச் செய்தோமோ அந்த முகவரியோடு கட்டிவைக்கும் வசதி அதில் இருந்தது, எழுத்துருத் திருட்டைத் தடுக்க. அப்படிக் கட்டப்பட்ட பக்கத்தை ஃப்ளாப்பியில் சேமித்து வீட்டில் திறந்தால் எழுத்துரு வேலை செய்யாது. தளம் வேறு முகவரிக்கு மாறினாலும் அதே கதை.

இரண்டாம் காலம்: கட்டம் வந்தது, எழுத்து பிழைத்தது

யூனிகோடு தமிழுக்கு U+0B80 முதல் U+0BFF வரை 128 இடங்களை ஒதுக்கியது 1991இலேயே. நம் கணினிகளுக்கு அது வந்து சேர்ந்தது விண்டோஸ் 2000உடன் வந்த லதா எழுத்துருவில். இங்கே "தமிழ்" என்பதும் ஐந்து எண்கள்தான்: U+0BA4, U+0BAE, U+0BBF, U+0BB4, U+0BCD. ஆனால் இந்த எண்களுக்கு வேறு பொருளே கிடையாது. எந்த ரோமன் எழுத்துருவும் இவற்றைத் தனதென்று சொல்லிக்கொள்ள முடியாது. எழுத்துரு இல்லையென்றால் கட்டம் கட்டமாகத் தெரியும்.

வாசகருக்குக் கட்டமும் குப்பையும் ஒன்றுதானே, இரண்டையும் படிக்கமுடியாதே என்று தோன்றலாம். இல்லை. கட்டம் தெரியும் பக்கத்தை நகலெடுத்து நண்பருக்கு அனுப்பினால் அவர் கணினியில் தமிழாகத் தெரியும். தேடுபொறி அதைத் தமிழ் என்றே எடுத்துக்கொள்ளும். நாளைக்கு அதே கணினியில் எழுத்துரு வந்தால் பழைய பக்கங்கள் எல்லாம் தானாக உயிர்பெறும். எழுத்துரு இப்போது சாவி இல்லை, சட்டைதான்.

ஆனாலும் 2003, 2004இல் வலைப்பதிவு தொடங்கியவர்களுக்குச் சட்டையே பெரிய பிரச்சினை. விண்டோஸ் 98இல் தமிழ் எழுத்துரு கிடையாது. எக்ஸ்பியிலும் மண்டல அமைப்புகளுக்குள் போய் "சிக்கலான எழுத்துமுறைகள்" என்ற பெட்டியை டிக் செய்து, எக்ஸ்பி சிடியையும் போடவேண்டும். பிரவுசிங் சென்டரில் போய் சிடி கேட்டால் யார் கொடுப்பார்கள்? அப்போது கைகொடுத்தது உமர்தம்பி உருவாக்கிய தேனீ யூனிகோடு எழுத்துரு. அதன் `.eot` கோப்பைச் சுட்டும் சில வரிகளை வலைப்பதிவர்கள் தங்கள் டெம்ப்ளேட்டில் ஒட்டிக்கொண்டார்கள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் எதையும் நிறுவாமலே தமிழ் தெரிந்தது. எழுத்துரு வராத இடத்தில் கட்டம்தான், ஆனால் அடியில் இருந்தது தமிழ். அதனால்தான் தேனீ போட்ட பழைய பதிவுகளை, `.eot` என்றால் என்னவென்றே தெரியாத இன்றைய உலாவியிலும் படிக்கமுடிகிறது.

மூன்றாவது நோய்: எழுத்துரு வந்தது, எழுத்து சேரவில்லை

மூன்றாவது நோய்தான் பலரைக் குழப்பியது. பாமினியில் "கொ" என்று எழுத `nfh` என்று தட்டுவோம். கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே ஒற்றைக்கொம்பு, க, கால். யூனிகோடில் முதலில் க, பிறகு ஒகரக் குறி. கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் கொண்டுபோய் வைப்பது திரையில் காட்டும்போது நடக்கும் வேலை. "கு", "டி" போன்றவற்றுக்கு இரண்டு குறிகளைச் சேர்த்து ஒரே வடிவமாக மாற்றவேண்டும். எதை எதாக மாற்றுவது என்ற அட்டவணை எழுத்துருக் கோப்பில் இருக்கும், அதன் பெயர் `GSUB`. அட்டவணையைப் படித்துச் செயல்படுத்தும் நிரல் இயங்குதளத்திலோ உலாவியிலோ இருக்கவேண்டும். `@font-face` எழுத்துருவைத்தான் கொண்டுவரும், அந்த நிரலைக் கொண்டுவராது.

நிரல் சரியாக ஓடாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஃபயர்பாக்ஸ் 2 காலத்து வாசகர்கள் நன்றாக அறிவார்கள். பதிவர் `text-align: justify` என்று இரண்டு ஓரமும் சமமாக்கியிருந்தால் போதும், கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து தனியே நிற்கும். "ஐயா, ஜஸ்டிஃபை எடுத்துவிடுங்கள், படிக்கமுடியவில்லை" என்பது அப்போது அடிக்கடி கண்ணில் படும் பின்னூட்டம். 2008இல் வந்த ஃபயர்பாக்ஸ் 3தான் இதைத் தீர்த்தது.

அடுத்து ஆண்ட்ராய்டு. 2.x பதிப்புக் கைப்பேசிகளில் தமிழ் எழுத்துருவே கிடையாது, எல்லாம் கட்டம். சரி, `@font-face` வழியாக அனுப்பலாமே என்றால், எழுத்துரு வரும், கட்டம் போகும், ஆனால் "கெ" என்பது முதலில் க, பிறகு வலப்பக்கம் கொம்பு என்று தெரியும். செயலி எழுதியவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். சேமிப்பில் யூனிகோடு, திரையில் காட்டும் கணத்தில் மட்டும் பாமினிக்கோ திஸ்கிக்கோ மாற்றி, அந்தப் பழைய எழுத்துருவில் காட்டுவது. பழைய முறையில் கொம்பு ஏற்கெனவே முன்னால்தானே இருக்கிறது! இன்னொரு வழி ஓப்பரா மினி. `opera:config` என்று தட்டி, சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டும் தெரிவை இயக்கினால், அவர்களுடைய சர்வரே தமிழை வரைந்து படமாக அனுப்பிவிடும்.

ஆக, ஒருவர் "உங்கள் பக்கம் சரியாகத் தெரியவில்லை" என்று திரைப்படம் அனுப்பினால் பார்த்தவுடனே நோயைச் சொல்லிவிடலாம். ரோமன் குப்பை என்றால் அது யூனிகோடே இல்லை. கட்டம் என்றால் எழுத்துரு இல்லை. கொம்பு இடம்மாறியோ புள்ளிவட்டத்தோடோ நின்றால் எழுத்துரு இருக்கிறது, சேர்க்கும் வேலை நடக்கவில்லை.

இன்று நம் சர்வரிலேயே வைப்பது

`@font-face` திரும்பி வந்தது 2008இல் சஃபாரி 3.1உடன். அடுத்த ஆண்டு ஃபயர்பாக்ஸ் 3.5. சுருக்கிய வடிவமான `woff` 2012இலும், இன்னும் சிறிதான `woff2` 2018இலும் உலகளாவிய வலைத் தரமாயின. பிறர் சர்வரிலிருந்து எழுத்துருவை எடுத்தால் வாசகரிடம் ஏற்கெனவே அது இருக்கும், வேகமாக வரும் என்ற வாதம் இப்போது செல்லாது. குரோம் 2020இல் சேமிப்பைத் தளவாரியாகப் பிரித்துவிட்டது. ஒரு தளத்துக்காக இறங்கிய கோப்பு இன்னொரு தளத்துக்கு உதவாது. நம் சர்வரிலேயே வைப்பதுதான் நேரான வழி.

மீரா இனிமை எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. `fonttools`, `brotli` என்ற இரண்டு பைத்தான் தொகுப்புகளை நிறுவிக்கொண்டு இதை ஓட்டலாம்:

```
pyftsubset MeeraInimai-Regular.ttf \
  --unicodes="U+0B82-0BFA,U+200C,U+200D,U+25CC" \
  --layout-features='*' --flavor=woff2 \
  --output-file=meera.woff2
```

தமிழ் எழுத்துகளை மட்டும் வைத்து மற்றதை வெட்டும் கட்டளை இது. U+25CC என்பது புள்ளிவட்டம். தனியாக நிற்கும் உயிர்க்குறியை வாசகருக்குக் காட்ட அது தேவை. `--layout-features` வரிதான் முக்கியம்: அட்டவணையில் எந்த விதியையும் வெட்டாதே என்று சொல்கிறது. சில கருவிகள் கோப்பைச் சிறிதாக்குகிறேன் என்று `GSUB`ஐயே எடுத்துவிடும். அப்போது மூன்றாவது நோயை நாமே வரவழைத்துக்கொள்வோம். வெட்டிய பிறகு "கு, டி, கொ, க்ஷ" என்ற நான்கையும் அந்த எழுத்துருவில் ஒருமுறை காட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பிறகு பாணிக் கோப்பில்:

```
@font-face {
  font-family: "Meera Web";
  src: url("/fonts/meera.woff2") format("woff2");
  unicode-range: U+0B82-0BFA, U+200C-200D, U+25CC;
  font-display: swap;
}
body {
  font-family: "Meera Web", Georgia, "Nirmala UI",
    Latha, "Tamil Sangam MN", serif;
  line-height: 1.7;
}
```

உலாவி இந்தப் பட்டியலை எப்படிப் படிக்கிறது என்று பார்ப்போம். பக்கத்துக்கு ஒரு எழுத்துரு என்று அது தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் வரிசையாகக் கேட்டுக்கொண்டு போகிறது. "தமிழ் 99" என்று இருந்தால், "த" மீராவில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளும். "9" மீராவின் எல்லைக்கு வெளியே, ஜார்ஜியாவிடம் போகும். ஜார்ஜியாவில் தமிழ் கிடையாது என்பதால்தான் அதை இரண்டாவதாகத் துணிந்து வைக்கமுடிகிறது. நிர்மலாவை அந்த இடத்தில் வைத்தால், ஆங்கிலச் சொற்களும் எண்களும் விண்டோஸில் நிர்மலாவின் ரோமன் வடிவத்தில் வரும்.

இப்போது மீரா வரவில்லை என்று வையுங்கள். விண்டோஸ் 8க்குப் பிந்திய கணினியில் "த" ஜார்ஜியாவைத் தாண்டி நிர்மலாவில் நிற்கும். பழைய விண்டோஸில் லதா. ஐபோனில் தமிழ் சங்கம். ஆண்ட்ராய்டில் பட்டியலில் உள்ள எதுவும் இருக்காது. அப்போது உலாவி பட்டியலை விட்டுவிட்டு இயங்குதளத்திடமே "தமிழுக்கு எதாவது வைத்திருக்கிறாயா" என்று கேட்கும், நோட்டோ வந்து நிற்கும். கருவியில் தமிழே இல்லையென்றால்தான் கடைசியாகக் கட்டம்.

எழுத்துக்கு எழுத்து கேட்பதில் ஒரு விளைவு உண்டு. U+0BB6 என்ற "ஶ" யூனிகோடில் சேர்ந்தது 2005இல். 2001இல் வந்த எக்ஸ்பியின் லதாவுக்கு அது தெரியாது. அங்கே ஒரு சொல்லில் அந்த ஒரு எழுத்து மட்டும் வேறு வடிவத்திலோ கட்டமாகவோ தெரியும். ஒரு சொல்லுக்குள்ளேயே தடிமன் மாறினால் இதுதான் காரணம். குரோமில் அந்த வரியை ஆராய்ந்து, `Computed` பகுதியின் அடியில் `Rendered Fonts` என்ற இடத்தைப் பார்த்தால் எந்த எழுத்துரு எத்தனை எழுத்தை வரைந்தது என்று எண்ணிக்கையோடு சொல்லும்.

`font-display: swap` இல்லாவிட்டால் பெரும்பாலான உலாவிகள் எழுத்துரு வரும்வரை மூன்று விநாடி எதையும் காட்டாமல் வெற்றிடமாக வைத்திருக்கும். `swap` போட்டால் முதலில் நிர்மலாவோ நோட்டோவோ உடனே தெரியும், மீரா வந்ததும் மாறும். மாறும்போது வரிகள் குதிக்கும், ஏனென்றால் எழுத்துருவுக்கு எழுத்துரு அகலமும் உயரமும் வேறு. `line-height` என்பதை எண்ணாகக் கொடுத்துவிட்டால் உயரக் குதிப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். அகலம் கொஞ்சம் மாறத்தான் செய்யும். வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கோப்பை வேறு துணைமுகவரியில் வைப்பவர்களுக்கு ஒன்று. எழுத்துருவுக்கு மட்டும் உலாவி கண்டிப்பானது. சர்வர் `Access-Control-Allow-Origin` என்ற தலைப்பை அனுப்பாவிட்டால், கோப்பு 200 என்று வெற்றிகரமாக வந்தும் பயன்படுத்தப்படாது. நம் கணினியில் அதே எழுத்துரு நிறுவப்பட்டிருந்து, பட்டியலிலும் அதன் உண்மைப் பெயரே இருந்தால் நமக்குச் சரியாகவே தெரியும், வாசகருக்கு மட்டும் தெரியாது. மேலே `Meera Web` என்று புதுப்பெயர் வைத்தது இதற்காகத்தான்.

வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்

இன்றும் எழுத்துரு போய்ச் சேராத இடங்கள் நிறைய. ஓப்பரா மினி அதை எடுப்பதில்லை. உலாவிகளின் வாசிப்பு முறை நம் எழுத்துருவை ஒதுக்கிவிட்டுத் தன்னுடையதைப் போடும். 2022இல் ஐபோனில் வந்த லாக்டவுன் முறை வெளியிலிருந்து வரும் எழுத்துருக்களைப் பாதுகாப்புக்காகவே தடுக்கிறது. யூனிகோடுப் பக்கத்துக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை, சட்டை மாறும், அவ்வளவுதான்.

ஆனால் 2000 வாக்கில் பாமினியிலும் திஸ்கியிலும் எழுதப்பட்ட பக்கங்கள் இன்னும் சர்வர்களில் கிடக்கின்றன. அவற்றின் `.eot` கோப்பைப் படிக்கக்கூடிய ஒரே உலாவி ஓய்வுபெற்றுவிட்டது. அவற்றைக் காப்பாற்ற முனைபவர்களுக்குத் தோன்றும் சுருக்குவழி, பாமினியையே `woff2` ஆக்கிப் பக்கத்தில் சேர்த்துவிடுவது. செய்தால் திரையில் அழகாகத் தமிழ் தெரியும். தேடினால் கிடைக்காது. பார்வையற்றவரின் திரைவாசிப்பான் "ஜே கே பி ஓ" என்று படிக்கும். வாசிப்பு முறையில் திறந்தால் மறுபடி `jkpo;`.

முதலில் எழுத்தை யூனிகோடுக்கு மாற்றவேண்டும், எழுத்துரு அதற்குப் பிறகுதான். மாற்றும்போது கவனிக்கவேண்டியது `<font face="Bamini">` என்ற பழைய குறி. அந்தக் கோப்பில் எது தமிழ், எது ஆங்கிலம் என்று சொல்லும் ஒரே சாட்சி அதுதான். வெளியே உள்ள `mail` ஆங்கிலச் சொல், உள்ளே இருந்தால் நான்கு தமிழ்க் குறிகள். பக்கத்தைச் "சுத்தம்" செய்கிறேன் என்று பழைய குறிகளை முதலில் நீக்கிவிட்டால், பிறகு எந்த மாற்றியாலும் இரண்டையும் பிரிக்கமுடியாது. சில இடங்களில் கண்ணும் வேண்டும். பாமினியில் ஔகாரத்தின் வலப்பக்கக் குறியும் "ள" எழுத்தும் ஒரே `s`தான். `nfsutk;` என்பது "கௌரவம்" என்று மனிதருக்குத் தெரியும், நிரல் "கெளரவம்" என்று எழுதிவிட்டுப் போகும்.

என்னிடம் அந்தக் காலத்தில் சேமித்த பக்கங்கள் சில நூறு இருக்கின்றன. ஒவ்வொன்றாக மாற்றிய பிறகு நான் செய்யும் சோதனை ஒன்றே ஒன்றுதான். உலாவியின் `Network` பகுதியில் எழுத்துருக் கோப்பைத் தடுத்துவிட்டுப் பக்கத்தைத் திறப்பேன். அப்போதும் தமிழாகப் படிக்கமுடிந்தால் அந்தப் பக்கம் தேறிவிட்டது.